கட்டைவிரலுக்கு அடியில் இருந்த எண்

பொன்னேரியில் ரயில் நிலையச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் பெரியப்பாவின் தையல் கடை இருந்தது. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், சுவரோரம் பெயரும் தேதியும் எழுதிய துணிப் பைகள். அளவு எடுப்பதும் வெட்டுவதும் பெரியப்பா. நான் தைப்பேன், கணக்கு எழுதுவேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்குப் போய்வரும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். சித்திரையில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சந்திக்கும் திருவிழாவுக்கு முந்தைய வாரம் கடையில் நிற்க இடம் இருக்காது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர். எந்த மொழி பேசினாலும் அளவு ஜாக்கெட் ஒன்றைக் கையில் கொண்டுவருவார்கள். அதை மேசையில் விரித்துப் பெரியப்பா டேப்பை வைப்பார். சந்தேகம் வந்தால் ஆளே எதிரில் நிற்பார்.

2020 ஊரடங்கில் இந்தப் பழக்கம் மாறிப்போனது. கடைக்கு வர முடியாதவர்கள் போனில் அளவை அனுப்ப ஆரம்பித்தார்கள். பழைய டைலரின் பில் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள், நோட்டுத்தாளில் கழுத்தும் கையும் வரைந்து அனுப்பினார்கள். ஊரடங்கு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. அப்படி வந்தவற்றில் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். ஒரு அளவுச் சீட்டின் படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அந்த ஒரு ஜாக்கெட்டில்தான் முழுதாகக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. அவருடைய மகள் சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். 2023 தை மாதம் பொன்னேரியில் கல்யாணம். முகூர்த்தப் புடவை காஞ்சிபுரத்தில் எடுத்தது, ஜாக்கெட் துணி புடவையோடு சேர்ந்தே இருந்தது. மகள் ஊருக்கு வருவது கல்யாணத்துக்கு முந்தைய வாரம். அதற்குள் ஜாக்கெட்டில் ஆரி வேலை முடிந்து, தைத்து, தயாராக இருக்க வேண்டும். எனவே அங்கே தேக்காவில், மாடியில் இருக்கும் ஒரு தமிழ் டைலரிடம் போய் அளவு கொடுத்து, அவர் எழுதிய சீட்டைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். கூடவே கோடு போட்ட தாளில் தானே வரைந்த படம் ஒன்று. அது தீபாவளி நெருக்கம். அந்த டைலர் எவ்வளவு அவசரத்தில் எழுதியிருப்பார் என்பது கையெழுத்திலேயே தெரிந்தது.

அந்த அம்மா போனை நீட்டினார். "அண்ணே, எல்லா அளவும் இதுல இருக்காம். அப்படியே தச்சுடச் சொன்னா."

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "சத்தமா படிம்மா" என்றார்.

படித்தேன். எல் 14½. எஸ் 14. சி 37. டபிள்யூ 31. எஸ்எல் 10, அதன் பக்கத்தில் 12½. ஏஹெச் 8¼. எஃப்என் 7. பிஎன் 9½. டிபி 10. எல்லாவற்றுக்கும் கீழே, சீட்டைப் பிடித்திருந்த கட்டைவிரலை ஒட்டி, ஒரு +2. அதற்கு அடியில் கோடு.

எழுத்துகள் பெரிய புதிர் அல்ல. எல் என்றால் உயரம், எஸ் தோள், சி மார்புச் சுற்று, டபிள்யூ இடுப்பு. எஸ்எல் கை நீளம், அடுத்தது கைச் சுற்று. ஏஹெச் கைக்குழி. முன் கழுத்து, பின் கழுத்து இறக்கம். டிபி என்பது தோளிலிருந்து டாட் முனை வரை. தையல் தெரிந்த யாரும் இவ்வளவையும் சொல்லிவிடுவார்கள். பெரியப்பா கேட்டது வேறு.

"இது உடம்பா, துணியா?"

அந்தக் கேள்வியைத்தான் விளக்க வேண்டும். மார்பில் டேப்பைச் சுற்றிப் பிடித்து 35 என்று வந்தால் அது உடம்பின் அளவு. ஜாக்கெட்டை 35-க்கே தைத்தால் மூச்சு விட முடியாது, கையைத் தூக்க முடியாது. எனவே ஒன்றரையோ இரண்டோ அங்குலம் லூஸ் சேர்த்து வெட்டுவார்கள். மாறாக, நன்றாகப் பொருந்தும் ஒரு ஜாக்கெட்டை விரித்து அளந்தால் அந்த எண்ணுக்குள் லூஸ் ஏற்கெனவே இருக்கும். இன்னொரு முறை சேர்க்கக் கூடாது. சீட்டில் 37 என்று மட்டும்தான் இருக்கிறது. அது உடம்பு என்றால் ஜாக்கெட்டை 39-க்கு வெட்ட வேண்டும். துணி என்றால் 37-க்கே. வெட்டும்போது நான்கில் ஒரு பங்காகத்தான் குறிப்போம். 39 என்றால் 9¾, 37 என்றால் 9¼. மேசையில் சாக்பீஸ் கோடு அரை அங்குலம் நகர்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அரை அங்குலம் நான்கு இடத்தில் கூடி, போட்டுக்கொள்ளும்போது இரண்டு அங்குலமாகிவிடும். அக்குளுக்குக் கீழே துணி மடிந்து நிற்கும், ஆழமான பின் கழுத்து உடம்பில் ஒட்டாமல் விலகும்.

பக்கத் தையலில் பிடித்துவிட்டால் போயிற்று என்று சிலர் நினைப்பார்கள். உடம்பைப் பிடிக்கலாம். வெட்டிய கழுத்தையும் தோளையும் பிடிக்க முடியாது. பட்டுத் துணியில் பிரித்த தையல் ஓட்டை தெரியும். அது மட்டுமல்ல, ஆரி வேலை செய்கிறவர்கள் வெட்டிய துணியில் செய்வதில்லை. முழுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, டைலர் குறித்துக் கொடுத்த கை, கழுத்துக் கோடுகளை வைத்து வேலை செய்வார்கள். வேலை முடிந்த பிறகுதான் கத்தரி. எனவே அளவை முடிவு செய்ய வேண்டிய நேரம் தைக்கும் நேரம் அல்ல, ஆரிக்குக் கொடுக்கும் நேரம். புடவையோடு வந்த துணி ஒன்றே ஒன்று. அதே கரையோடு வேறு துண்டு எங்கும் வாங்க முடியாது.

சீட்டே ஒரு துப்பு கொடுத்தது. கைக்குழி 8¼ என்றிருந்தது. கைச் சுற்றே 12½ இருக்கிற கையின் குழி 8¼ ஆக இருக்க முடியாது, கையே நுழையாது. அப்படியானால் அது பாதி. ஜாக்கெட்டை மடித்து விரித்து, குழியின் வளைவில் ஒரு பக்கம் மட்டும் டேப் ஓட்டி எடுத்த அளவு. முழுச் சுற்று 16½. மார்பு 37 இருக்கிற ஜாக்கெட்டுக்கு அது பொருத்தமான குழிதான். அதே சீட்டில் 12½ முழுச் சுற்று, ஏனென்றால் அது பாதியாக இருந்தால் முழுச் சுற்று 25 ஆகிவிடும். ஒரே வரிசையில் ஒரு எண் பாதி, ஒரு எண் முழுசு. எழுதியவருக்கு அதில் குழப்பமே இருந்திருக்காது. அவர் சீட்டு அவருக்காக எழுதப்பட்டது, அவர் கைதான் வெட்டப்போகிறது என்ற எண்ணத்தில். வேறு ஊரில் வேறு கைக்குப் போகும்போதுதான் அது அரைகுறையாகத் தெரிகிறது.

"குழிய மடிச்சு அளந்திருக்கான். அப்போ ஜாக்கெட்ட வெச்சுதான் எடுத்திருக்கான்" என்றார் பெரியப்பா. கொஞ்சம் யோசித்து, "ஆனா மார்ப மட்டும் மேல டேப்பு வெச்சு எடுத்திருந்தா?" என்றார்.

அதுவும் நடக்கும். பல டைலர்கள் அளவு ஜாக்கெட்டிலிருந்து கழுத்தும் கைக்குழியும் எடுத்துக்கொண்டு, மார்பையும் இடுப்பையும் உடம்பில் சரிபார்ப்பார்கள். எனவே கைக்குழியை வைத்து மார்பைத் தீர்மானிக்க முடியாது. பிறகு அந்த +2. அதற்கு மூன்று பொருள் சொல்லலாம். இரண்டு அங்குலம் லூஸ் சேர்த்துக்கொள் என்பது ஒன்று. சேர்த்துவிட்டேன் என்பது இன்னொன்று. பிற்பாடு பிரித்துவிட வசதியாகப் பக்கத்தில் உள்ளே துணி விடு என்பது மூன்றாவது. மூன்றும் எங்கள் தொழிலில் தினமும் எழுதப்படுகிறவை.

அன்று மாலை சிங்கப்பூருக்குப் பேசினோம். இங்கே ஏழு மணி என்றால் அங்கே ஒன்பதரை, டைலர் கடை சாத்தியிருந்தது. அந்தப் பெண் வீட்டில் இருந்தாள். அவளிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "37 சரிதானே?" என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். சீட்டில் இருப்பதை அவளும் சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரியப்பா என்னைக் கேட்கச் சொன்னது, சீட்டில் இல்லாத ஒரு அளவை. "வீட்ல டேப் இருக்கா? இல்லன்னா ஒரு நூலும் ஸ்கேலும் எடுத்துக்கம்மா. மார்புல அகலமான இடத்துல, முதுகுல சரியாம, நேரா சுத்தி, இறுக்காம பிடிச்சு எவ்வளவு வருதுன்னு சொல்லு" என்றேன். கூட இருந்த தோழி பின்னால் டேப் சரியாமல் பிடித்துக்கொண்டாள். 35 வந்தது.

35 உடம்பு, 37 துணி. இடைவெளி சரியாக இரண்டு. இருந்தும் பெரியப்பா திருப்திப்படவில்லை. அந்தச் சீட்டை மேசைமேல் வைத்து, விரல் படாமல், நான்கு மூலையும் தெரியும்படி நேர் மேலிருந்து மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வந்தது. முதல் படத்தில் கட்டைவிரல் மறைத்திருந்த இடத்தில் 35 என்று இருந்தது. அதாவது முழு வரி 35+2. டைலர் கூட்டிப் பார்த்து, விடையைத்தான் மேலே சி என்ற இடத்தில் 37 என்று எழுதியிருக்கிறார். முதல் படத்தை மட்டும் நம்பி யாராவது +2-ஐச் சேர்த்திருந்தால் ஜாக்கெட் 39-க்குப் போயிருக்கும்.

அடுத்தது அவள் வரைந்த படம். சீட்டைவிட இதில்தான் அதிக நேரம் போனது. எண்ணை எண்ணோடு ஒப்பிட்டுப் பிழை பிடிக்கலாம். ஆசையைக் கோடாக வரைந்திருந்தால் அது என்ன ஆசை என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தாளின் மேல் பாதியில் முன்பக்கம், கீழ்ப் பாதியில் பின்பக்கம். பின் கழுத்து பானை வடிவம். மேலே குறுகி, நடுவில் அகன்று, கீழே வட்டமாக முடிவது. மேலே இரண்டு தோளையும் இணைத்து நாடா, நுனியில் குஞ்சம். தோள்பட்டைக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு 2 என்று எழுதியிருந்தாள். ஒரு கையில் மட்டும் மயில். கை தோளோடு சேரும் இடத்தில் சின்னச் சின்னக் கோடுகள்.

முதலில் அந்த 2. தோள்பட்டை தைத்த பிறகு இரண்டு அங்குல அகலம் இருக்க வேண்டும் என்கிறாள். சீட்டில் முழுத் தோள் 14. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு போனால் நடுவில் 10 அங்குலம் திறப்பு. பின் கழுத்தோ 9½ இறக்கம். உயரம் 14½ என்பதால் கீழே ஐந்து அங்குலம்தான் முதுகில் துணி. 10 அங்குலம் அகலத் திறப்பையும் இவ்வளவு இறக்கத்தையும் சேர்த்துத் தைத்தால் தோள் நிற்காது, இரண்டு பக்கமும் கையில் வழியும். நாடா கட்டினால் பின்னால் இழுத்துப் பிடிக்கும், ஆனால் முழு வேலையையும் நாடாவே செய்ய முடியாது. மணமேடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுந்து கும்பிடுகிற பெண்ணுக்கு அது வேதனை.

சீட்டும் படமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இடம் இது. இரண்டில் ஒன்றை டைலர் தானாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் வரும் சண்டைகளை நான் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். "நான் வரைஞ்சு கொடுத்தது என்ன, நீங்க தச்சது என்ன?" என்பது ஒரு பக்கம். "அளவுப்படிதான் தச்சேன்" என்பது மறு பக்கம். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். பெரியப்பா வெட்டுவதற்கு முன்னால் கணக்கைச் சொல்லிவிடுவார். அன்றும் சொன்னார். தோளை அரை அங்குலம் குறைத்து 13½ ஆக்குகிறேன், கழுத்து ஆழமாக இறங்கும்போது தோளை அப்படிக் கொஞ்சம் உள்ளே இழுத்தால்தான் வழியாது. பட்டை மூன்று அங்குலம் இருக்கட்டும், நடுவில் 7½ திறப்பு. பானையின் குறுகிய வாய் அந்த 7½, அங்கிருந்து கீழே அகலமாகப் போகட்டும். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூணுன்னா ரொம்பப் பட்டையா தெரியாதாக்கா?" என்று என்னைக் கேட்டாள். அவள் பழைய ஜாக்கெட் ஒன்றின் பட்டையை அளந்து பார்க்கச் சொன்னேன். 3½ இருந்தது. அதைவிடக் குறைவுதான் என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டாள். எண்ணை எண்ணாகச் சொன்னால் யாருக்கும் கண்ணுக்கு வராது, உடுத்திப் பழகிய ஒன்றின் பக்கத்தில் வைத்துச் சொன்னால்தான் வரும்.

பிறகு மயில். தாளில் அது வலப்பக்கக் கையில் இருந்தது. தாளின் வலம் என்பது ஜாக்கெட்டின் வலமா? படம் முன்பக்கம் என்றால் தாளின் வலப்பக்கம் போட்டுக்கொள்பவரின் இடக்கை. எதிரில் நிற்பவரைப் பார்ப்பது போலத்தான் முன்பக்கம் வரைவோம். பின்பக்கம் என்றால் தாளின் வலமும் உடம்பின் வலமும் ஒன்று. மயில் இருந்தது பின்பக்கப் படத்தில். எனவே வலக்கை. முந்தானை இடத் தோளில் விழுவதால் இடக்கையில் பாதி மறைந்துபோகும், வேலை வலக்கையில் வர வேண்டும் என்று அவள் நினைத்திருப்பது நியாயமாகவும் பட்டது. ஆனால் நியாயமாகப் படுவதை வைத்து ஆரிக்குக் கொடுக்க முடியாது. "முந்தானை இல்லாத கைதானே?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். வலது இடது என்று கேட்பதைவிட இப்படிக் கேட்பது தெளிவு. போனில் வலது என்றால் யாருடைய வலது என்ற கேள்வி மறுபடி முளைக்கும்.

மயிலின் அலகு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் கேட்டோம். தாளில் அது வெளிப்பக்கம் பார்த்திருந்தது. முதுகுப்பக்கமிருந்து பார்க்கும்போது கையில் வெளிப்பக்கம் போகிற கோடு சுற்றிக்கொண்டு முன்பக்கம்தான் வரும். அப்படியானால் மயில் முன்னால் பார்க்கிறது. ஆரி போடும் அக்காவுக்கு இது முக்கியம். கையைத் துணியில் குறிக்கும்போது முன்பக்கக் குழி சற்று ஆழமாகக் குடையப்பட்டிருக்கும், பின்பக்கம் அவ்வளவு இருக்காது. எந்தப் பக்கம் முன் என்று கோட்டில் எழுதிக் கொடுக்காவிட்டால் மயில் திரும்பி முதுகைப் பார்க்கும். தைக்கும்போது அதை மாற்ற ஒரு வழியும் இல்லை. கையை இடம் மாற்றிப் பொருத்தினால் அலகு முன்னால் வரும், ஆனால் மயில் இடக்கைக்குப் போய்விடும், முந்தானைக்கு அடியில்.

கைத்தலையில் இருந்த சின்னக் கோடுகளைப் பார்த்ததும் பஃப் என்றுதான் நான் நினைத்தேன். சுருக்கம் வைத்துத் தூக்கின கை. அப்படியானால் கைத்தலைக்கு மேலே கூடுதல் துணி வேண்டும், நீளம் 10 என்பது பஃப் போக 10-ஆ, சேர்த்து 10-ஆ என்ற கேள்வியும் வரும். கேட்டால், "இல்லக்கா, அங்க பைப்பிங் வரணும்னு போட்டேன்" என்றாள். பைப்பிங் என்றால் ஒரு கோடு போதும். ஆனால் வரைந்தவளுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

இதையெல்லாம் பேசி முடித்த இரவு, என் அக்கா வீட்டுக்காரர் ஒருமுறை காட்டிய ஒரு தாள் நினைவுக்கு வந்தது. அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வரும்போது கூடவே ஸ்பெக் ஷீட் வரும். நடுவில் சட்டையின் கோட்டுப் படம், அதில் அம்புகள், ஒவ்வொரு அம்புக்கும் ஒரு எழுத்து. பக்கத்தில் அட்டவணை. மார்பு என்று மட்டும் எழுதமாட்டார்கள். கைக்குழிக்கு ஒரு அங்குலம் கீழே, விரித்து வைத்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பாதி மார்பு என்று எழுதியிருக்கும். உயரம் என்றால் கழுத்தை ஒட்டிய தோள் முனையிலிருந்து அடிவிளிம்பு வரை. பக்கத்தில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதும் இருக்கும். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர், தைப்பவரின் முகத்தைப் பார்க்காமலே, தான் நினைத்த சட்டையை வாங்குகிறார் என்றால் அந்தத் தாளால்தான்.

எங்கள் கடைக்கு அந்த அளவுக்கு வேண்டாம். அதன் முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு வெள்ளைத் தாளில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எளிய கோட்டில் வரைந்தேன். மேலே பெரிதாக 'முன்', 'பின்' என்று எழுதினேன். வலக்கை என்பதை இரண்டு படத்திலும் எழுதினேன், முன்படத்தில் தாளின் இடப்பக்கம், பின்படத்தில் வலப்பக்கம். பிறகு ஒவ்வொரு அளவையும் எழுத்துச் சுருக்கம் இல்லாமல் எழுதினேன். உயரம், கழுத்தை ஒட்டிய தோளிலிருந்து அடிப்பட்டி விளிம்பு வரை, தைத்த பிறகு 14½. மார்பு, முழுச் சுற்று, தைத்த பிறகு 37, உடம்பு 35, மேலே எதுவும் சேர்க்கக் கூடாது. கைக்குழி, முழுச் சுற்று 16½. கை நீளம், தோள் முனையிலிருந்து 10, கரையும் இதற்குள் அடக்கம். கை வாய், முழுச் சுற்று 12½. பின் கழுத்து, கழுத்தை ஒட்டிய தோள் முனையிலிருந்து நேர் கீழே 9½, பைப்பிங் முடிந்த விளிம்பு வரை. டாட் முனை, அதே முனையிலிருந்து 10. தோள் 13½, பட்டை 3. கைத்தலையில் பைப்பிங் மட்டும், பஃப் இல்லை. பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட வேண்டும்.

அரை, கால் எழுதுவதிலும் எச்சரிக்கையாக இருந்தேன். அவசரத்தில் எழுதிய 5½ போட்டோவில் 51/2 போலவும், 12½-இன் அரை மங்கி வெறும் 12 போலவும் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பன்னிரண்டரை, பதினாறரை என்று எழுத்தாலும் எழுதினேன். வங்கிக் காசோலையில் தொகையை இருமுறை எழுதுவது எதற்கோ, இதுவும் அதற்கே.

அந்தத் தாளைப் படம் எடுத்து சிங்கப்பூருக்குத் திருப்பி அனுப்பினேன். அவள் அதை அளவு எடுத்த டைலரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு இடத்தில் திருத்தம் சொல்லி அனுப்பினார். டாட் முனை 10 என்பதைத் தோளின் நடுவிலிருந்து எடுத்தாராம், கழுத்தை ஒட்டிய முனையிலிருந்து அல்ல. அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே தோள் சரிவு இருப்பதால் கால் அங்குலம் வித்தியாசம் வரும். பெரியப்பா அந்த மனிதரை மிகவும் மெச்சினார். எங்கேயோ இருக்கிற கடை, தனக்குத் தையல் கூலி கிடைக்காத ஜாக்கெட், தீபாவளி நெருக்கடி, அதிலும் நின்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு வேலை தன் போக்கில் போனது. லைனிங் துணியை இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு எடுத்தோம். பருத்தி லைனிங் பிற்பாடு சுருங்கினால் மேலே பட்டு உப்பிக்கொண்டு நிற்கும். பட்டில் பெரியப்பா கோடு போட்டுக் கொடுத்தார். ஆரி அக்காவின் வீட்டுக்கு அந்தத் தாளின் நகலும் துணியோடு போனது. மயில் எந்தப் பக்கம் என்று கேட்டு அவர் போன் செய்யவே இல்லை. சட்டத்திலிருந்து துணி திரும்பி வந்ததும் பெரியப்பா முதலில் டேப்பைத்தான் வைத்தார். சட்டத்தில் இழுத்துக் கட்டியதாலும் கனமான வேலையாலும் துணி சில சமயம் இழுபட்டுக் குறுகிவிடும். கையின் கோடுகள் குறித்தபடியே இருந்தன. வெட்டினார்.

அந்தப் பெண் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வந்து போட்டுப் பார்த்தாள். மார்பு, தோள், கழுத்து, மயில் எல்லாம் அவள் நினைத்தபடி. கை வாய் மட்டும் இறுக்கம். அளவு எடுத்தது அக்டோபரில், போட்டுப் பார்த்தது தையில். நடுவில் உடம்பு கொஞ்சம் கூடியிருந்தது. சீட்டில் தேதி இல்லை, அளவு எடுத்த நாளின் உடம்பைத்தான் எந்தச் சீட்டும் சொல்லும். உள்ளே விட்டிருந்த துணியில் ஒரு தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுத்தேன். கைத் தையலில் பிரித்த தடம் அக்குளுக்கு அடியில் போய்விட்டதால் வெளியே தெரியவில்லை.

பெரியப்பா இப்போது வெட்டுவதில்லை, கண் ஒத்துழைக்கவில்லை. கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போட்டோவில் வரும் சீட்டுகள் இப்போது முன்பைவிட அதிகம். சார்ஜாவிலிருந்து வருகிறது, பெங்களூரிலிருந்து வருகிறது, பக்கத்தில் மீஞ்சூரிலிருந்தும் வருகிறது. சீட்டை மட்டும் பார்த்து நான் துணியில் கத்தரி வைப்பதில்லை. உடம்பில் எடுத்த மார்பளவு ஒன்றையும், பொருந்துகிற ஜாக்கெட்டை விரித்து வைத்து அதன்மேல் டேப்பையும் வைத்து நேர் மேலிருந்து எடுத்த படம் ஒன்றையும் கேட்கிறேன். சாய்வாக எடுத்த படத்தில் தூரத்து விளிம்பு சிறுத்துத் தெரியும், டேப் அளக்கும் இடத்திலேயே கிடந்தால் எண்ணைப் படித்துக்கொள்ளலாம்.

ஊரில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்து அளவை போனில் அனுப்பப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டைக் கையில் பிடித்துப் படம் எடுக்காதீர்கள், மேசையில் வைத்து நான்கு மூலையும் தெரிய எடுங்கள். அளவு எடுத்தவரிடமே "இது உடம்பளவா, தைத்த அளவா" என்று கேட்டு, அவர் சொல்வதைத் தேதியோடு அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். படம் வரைந்தால் முன், பின் என்று எழுதுங்கள், முந்தானை விழும் தோளைக் காட்டிவிடுங்கள். தைப்பவர் திருப்பிக் கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். கேள்வியே கேட்காமல் வெட்ட ஆரம்பிப்பவரிடம் பட்டுத் துணியைக் கொடுக்காதீர்கள்.